ஃபோட்டோஷாப்பில் வேண்டாத பொருளை நீக்குதல்: லாசோ, ஃபெதர், நிரப்பல்

புகைப்படத்தில் தவறி வந்துவிட்ட ஒரு பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றியுள்ள பரப்பைப் போலவே நிரப்புவது படத்திருத்தத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்றாகும். அடோபி ஃபோட்டோஷாப் மென்பொருளில் இதற்கு மூன்று படிகள் உள்ளன. முதலில் லாசோ கருவியால் பொருளைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். அடுத்து அந்தக் கோட்டின் விளிம்பை மென்மையாக்க வேண்டும். இதற்கு ஃபெதர் என்று பெயர். கடைசியாகக் கோட்டுக்குள் இருப்பதை நிரப்ப வேண்டும்.

ஒவ்வொரு படியும் சில நொடி வேலைதான். ஆனாலும் முதன்முதலில் செய்பவரின் படத்தில், பொருள் இருந்த இடத்தில் மங்கலான கறையோ வெட்டி ஒட்டியது போன்ற கோடோ எஞ்சிவிடுவது வழக்கம். பெரும்பாலும் இதற்குக் காரணம் நிரப்பும் கட்டளை அல்ல. கோட்டுக்கும் பொருளுக்கும் இடையே விட்ட இடைவெளியும், கொடுத்த ஃபெதர் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே காரணம். இந்தப் பொருத்தம் புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

## எடுத்துக்காட்டுப் படம்

கடற்கரை மணலில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் சேர்ந்து இருப்பது அந்த ஒரு படத்தில்தான். அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட வேண்டும். ஆனால் பாட்டிக்கு இடப்புறம், இரண்டடி தள்ளி, ஒரு நீல நிறத் தண்ணீர் பாட்டில் மணலில் கிடக்கிறது. அதன் நிழல் வலப்பக்கமாக விழுந்திருக்கிறது.

படத்தின் அளவு 4000 × 3000 பிக்சல். அதில் பாட்டில் ஏறக்குறைய 300 பிக்சல் நீளமும் 90 பிக்சல் அகலமும் கொண்டது. பாட்டிலைச் சுற்றி மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. தொடக்கநிலையில் இருப்பவர் பழக இதைவிடப் பொருத்தமான படம் அமைவது அரிது. மணல் ஒழுங்கான வடிவம் இல்லாத பரப்பு. அதில் சிறு பிழைகள் கண்ணில் படுவதில்லை.

இங்கே தரப்படும் விசைகள் விண்டோஸ் கணினிக்கானவை. மேக் கணினியில் Ctrl விசைக்குப் பதிலாக Command விசையும், Alt விசைக்குப் பதிலாக Option விசையும் பயன்படும்.

## முதலில் ஒரு நகல்

படத்தைத் திறந்தவுடன் Ctrl+J அழுத்தினால் அதன் நகல் ஒரு புதிய லேயராக மேலே அமரும். வேலை முழுவதும் இந்த நகலில்தான் நடக்க வேண்டும். கீழே உள்ள Background லேயரில் மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். Layers பலகத்தில் நகலுக்கு அருகே உள்ள கண் குறியைச் சொடுக்கி மறைத்தும் காட்டியும் பார்த்தால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் படம் எப்படி இருந்தது என்று ஒப்பிடலாம்.

வெற்று லேயரை உருவாக்கி அதில் வேலை செய்யக் கூடாது. நிரப்பும் கட்டளை, தேர்ந்தெடுத்த லேயரில் இருக்கும் பிக்சல்களிலிருந்துதான் மணலை எடுக்கிறது. லேயர் காலியாக இருந்தால் எடுக்க ஒன்றும் இராது. கட்டளை பிழைச்செய்தி தந்து நின்றுவிடும்.

## லாசோவால் சுற்றி வளைத்தல்

லாசோ என்பது கால்நடைகளைப் பிடிக்க வீசப்படும் சுருக்குக் கயிறு. பொருளைச் சுற்றிக் கயிற்றை வளைப்பது போலக் கோடு வரைவதால் கருவிக்கும் அப்பெயர் வந்தது. L விசையை அழுத்தினால் இது கைக்கு வரும். இதே இடத்தில் Polygonal Lasso Tool, Magnetic Lasso Tool என்று வேறு இரண்டும் உள்ளன. முன்னது நேர்கோடுகளால் வளைப்பது. பின்னது பொருளின் ஓரத்தைத் தேடி ஒட்டிக்கொள்வது. பொருளை நீக்கும் இந்த வேலைக்குக் கையால் சுதந்திரமாக வரையும் Lasso Tool போதும். ஓரத்தை ஒட்டிக்கொள்ளும் கருவி இங்கே உதவாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெளிவாகும்.

கருவியை எடுத்ததும் திரையின் மேற்பட்டையில் Feather என்ற கட்டம் தெரியும். அதில் 0 px இருக்க வேண்டும். இக்கட்டத்தில் இடும் எண், அதன்பின் வரையும் எல்லாக் கோடுகளுக்கும் பொருந்தும். அடுத்த நாள் மென்பொருளைத் திறந்தாலும் அது அப்படியே இருக்கக்கூடும். என்றோ ஒருநாள் 25 என்று இட்டதை மறந்துவிட்டு, இன்று வரையும் கோடு ஏன் தானாக உருண்டுபோகிறது என்று திகைப்பவர் பலர். கோடு வரைந்த பிறகு மெனு வழியாக ஃபெதர் கொடுப்பதே தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பாதுகாப்பான வழி.

Ctrl+1 அழுத்தினால் படம் 100% அளவில் தெரியும். இப்போது சுட்டியின் இடப்பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பாட்டிலைச் சுற்றி வர வேண்டும். கோடு பாட்டிலைத் தொடக் கூடாது. எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 15 பிக்சல் தள்ளி, வெறும் மணலில்தான் செல்ல வேண்டும். சாதாரணக் கணினித் திரையில் 100% அளவில் இது சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி. கை சிறிது நடுங்கினாலும் கவலையில்லை. கோடு மணலில் இருக்கும்வரை அதன் வடிவம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

பாட்டிலின் நிழலும் கோட்டுக்குள் வர வேண்டும். புதியவர்கள் மிகவும் மறக்கும் இடம் இதுதான். நிழலை விட்டுவிட்டால், பொருளே இல்லாத இடத்தில் ஒரு நிழல் கிடக்கும்; படம் திருத்தப்பட்டது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நிழலின் நுனி மெல்ல மங்கி மணலோடு கலந்திருக்கும் என்பதால், அது முடிவதாகத் தோன்றும் இடத்துக்கும் சற்று அப்பால் கோட்டைக் கொண்டுபோக வேண்டும்.

தொடங்கிய இடத்துக்கே வந்து பொத்தானை விட்டதும், கோடு நகரும் எறும்பு வரிசை போன்ற புள்ளிக்கோடாக மாறும். இந்தக் கோட்டுக்குள் இருக்கும் பகுதியே தேர்வு. பாதியில் பொத்தானை விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்கு ஒரு நேர்கோடு விழுந்து தேர்வு மூடிக்கொள்ளும். அப்போது முதலிலிருந்து வரையத் தேவையில்லை. Shift விசையை அழுத்திக்கொண்டு விடுபட்ட பகுதியைச் சுற்றி வளைத்தால் அது தேர்வோடு சேரும். Alt விசையை அழுத்திக்கொண்டு வளைத்தால் அப்பகுதி தேர்விலிருந்து கழியும்.

## ஃபெதர் உண்மையில் என்ன செய்கிறது

ஃபெதர் கொடுக்காத தேர்வில், ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே இருக்கும் அல்லது முழுவதுமாக வெளியே இருக்கும். நிரப்பும்போது உள்ளே புது மணல், வெளியே பழைய மணல் என்று இரண்டும் ஒரே கோட்டில் முட்டிக்கொள்ளும். இரண்டின் வெளிச்சமும் சிறிதளவு வேறுபட்டாலும் அந்தக் கோடு தாளை வெட்டி ஒட்டியது போலத் தெரியும்.

ஃபெதர் இந்தத் திடீர் மாற்றத்தைப் படிப்படியான மாற்றமாக ஆக்குகிறது. கோட்டின் இருபுறமும் உள்ள பிக்சல்கள் பகுதி அளவுக்கு மட்டும் தேர்வாகின்றன. எறும்பு வரிசை ஓடும் இடத்தில் தேர்வு 50%. உள்நோக்கிச் செல்லச் செல்ல அது உயர்ந்து 100% ஆகும். வெளிநோக்கிச் செல்லச் செல்லக் குறைந்து 0% ஆகும். 50% தேர்வான பிக்சலில் நிரப்பினால், பாதி புதியதும் பாதி பழையதும் கலந்து நிற்கும். பழையதும் புதியதும் இப்படிக் கலப்பதால்தான் ஒட்டு தெரியாமல் போகிறது.

கறைக்குக் காரணமும் இந்தக் கலப்புதான். கலக்கும் இடத்தில் பழைய பிக்சல் மணலாக இருந்தால், மணலோடு மணல் கலக்கும், யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் பழைய பிக்சல் பாட்டிலின் நீல ஓரமாக இருந்தால், மணலோடு நீலம் கலக்கும். பாட்டில் மறைந்த பிறகும் அதன் வடிவில் ஒரு நீலச் சாயல் மணலில் படிந்திருக்கும். கோட்டைப் பாட்டிலின் ஓரத்தை ஒட்டியே வரைந்தவருக்கு நேர்வது இதுவே. பொருளின் ஓரத்தைத் தேடிப் பிடிக்கும் Magnetic Lasso Tool இங்கே உதவாததும் இதனால்தான்.

ஆகவே விதி இதுதான்: ஃபெதரின் கலப்புப் பட்டை முழுவதும் பொருளுக்கு வெளியே, வெறும் மணலில் விழ வேண்டும். பெட்டியில் இடும் எண் அந்தப் பட்டையின் முழு அகலம் அல்ல. 3 என்று இட்டால், கோட்டிலிருந்து 3 பிக்சல் உள்ளே போன பிறகும் தேர்வு முழுமை அடைந்திராது. அதற்கும் உள்ளே சிறிது தூரம் கலப்பு நீளும். எனவே ஃபெதர் எண்ணைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்கு இடைவெளி விட்டு வரைவது பாதுகாப்பான அளவு. 15 பிக்சல் இடைவெளிக்கு 3 என்ற ஃபெதர் பொருந்துவது இந்தக் கணக்கில்தான்.

கொடுக்கும் முறை எளிது. தேர்வு இருக்கும்போதே Select > Modify > Feather என்று செல்ல வேண்டும் அல்லது Shift+F6 அழுத்த வேண்டும். Feather Radius கட்டத்தில் 3 என்று இட்டு OK சொடுக்கினால் போதும். திரையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. எறும்பு வரிசையின் கூர்மையான மூலைகள் சற்று உருண்டிருக்கும், அவ்வளவுதான். எறும்பு வரிசை 50% எல்லையை மட்டுமே காட்டும் என்பதால் கலப்புப் பட்டையின் அகலத்தை அதிலிருந்து அறிய முடியாது.

அகலத்தைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. Q விசையை அழுத்தினால் தேர்வுக்கு வெளியே உள்ள பகுதி முழுவதும் சிவப்பு நிறத்தால் மூடப்படும். ஓரத்தில் அந்தச் சிவப்பு மெல்ல மங்கி மறைவதைக் காணலாம். மங்கும் பகுதி பாட்டில் மீதோ அதன் நிழல் மீதோ படிந்திருந்தால் இடைவெளி போதாது என்று பொருள். படியாமல் இருந்தால் மீண்டும் Q அழுத்தித் தேர்வுக்குத் திரும்பி, அடுத்த படிக்குச் செல்லலாம்.

ஃபெதர் எண் பிக்சல் கணக்கில் இருப்பதால், படத்தின் அளவு மாறினால் எண்ணும் மாற வேண்டும். இதே படம் வாட்ஸ்அப் வழியே வந்து 1600 × 1200 ஆகச் சுருங்கியிருந்தால், பாட்டிலின் நீளம் 120 பிக்சல்தான். அங்கே 6 பிக்சல் இடைவெளியும் 1 என்ற ஃபெதரும் போதும். பெரிய படத்துக்குச் சொன்ன எண்ணைச் சிறிய படத்தில் அப்படியே இடுவது கறைக்கு வழிவகுக்கும். மிகச் சிறிய தேர்வுக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால், எந்தப் பிக்சலும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகவில்லை என்று மென்பொருளே எச்சரிக்கும். எறும்பு வரிசையும் மறைந்துவிடும். அப்போது Ctrl+Z அழுத்திப் பின்வாங்கிச் சிறிய எண்ணை இட வேண்டும்.

## நிரப்புதல்

Edit > Fill என்று சென்றாலோ Shift+F5 அழுத்தினாலோ ஒரு பெட்டி திறக்கும். அதில் Contents என்ற இடத்தில் Content-Aware என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். Mode என்பது Normal ஆகவும், Opacity 100% ஆகவும் இருக்க வேண்டும். Color Adaptation என்ற கட்டத்தில் குறி இருந்தால், நிரப்பும் மணலின் வெளிச்சமும் நிறமும் சுற்றுப்புறத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படும். OK சொடுக்கியதும் பாட்டில் மறைந்து மணல் தோன்றும். Ctrl+D அழுத்தித் தேர்வை நீக்க வேண்டும். எறும்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போது விளிம்பைச் சரிபார்க்க இயலாது.

இந்த வசதி 2010-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் CS5 பதிப்பில் அறிமுகமானது. படத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பொருத்தமான சிறு துண்டுகளைத் தேடி எடுத்து, அவற்றை இசைவாகச் சேர்த்துத் தேர்வை இது நிரப்புகிறது. இது படத்தில் ஏற்கெனவே உள்ளதைத்தான் மீண்டும் பயன்படுத்துகிறது. பாட்டிலுக்கு அடியில் உண்மையில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. சுற்றிலும் நிறைய மணல் இருந்தால் நிரப்பல் நன்றாக அமையும். தேர்வு மிகப் பெரிதாகி மணல் கொஞ்சமாக இருந்தால் தடுமாறும்.

## சரிபார்ப்பதும் பிழை திருத்துவதும்

முடிவை இரண்டு அளவுகளில் பார்க்க வேண்டும். Ctrl+0 அழுத்தினால் படம் முழுவதும் திரைக்குள் அடங்கும். அப்போது வெளிச்ச வேறுபாடும் கறையும் தெரியும். Ctrl+1 அழுத்தி 100% அளவில் பார்த்தால் விளிம்பும் மணலின் நெருக்கமும் தெரியும். ஒன்றில் தப்பும் பிழை மற்றொன்றில் அகப்படும்.

பொருளின் வடிவில் நிறச் சாயல் தெரிந்தால் இடைவெளி போதவில்லை. அந்தக் கறையின் மேல் இன்னொரு முறை நிரப்பிச் சரிசெய்ய முயல்வதைவிட, Ctrl+Z அழுத்தி நிரப்பலுக்கு முந்தைய நிலைக்குச் சென்று, கோட்டை இன்னும் தள்ளி வரைவதே நல்லது. சாயல் இல்லாமல் கூர்மையான கோடு மட்டும் தெரிந்தால் ஃபெதர் கொடுக்க மறந்திருக்கலாம். விளிம்பில் மட்டும் மணல் துகள்கள் கரைந்து வழவழப்பாகத் தெரிந்தால் ஃபெதர் தேவைக்கு மேல் பெரிது.

சில சமயம் ஒரே காலடித் தடமோ ஒரே சிப்பியோ அருகருகே இரண்டு முறை வந்துவிடும். மணலை வேறிடத்திலிருந்து எடுத்ததற்கான அடையாளம் இது. இரண்டில் ஒன்றைச் சுற்றி மட்டும் சிறிதாக லாசோவால் வளைத்து, மீண்டும் அதே ஃபெதர் கொடுத்து நிரப்பினால் போதும்.

இன்னும் மோசமானது, பாட்டியின் சேலை முந்தானையின் துண்டு ஒன்று மணல் நடுவே முளைப்பது. Edit > Fill கட்டளையில் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல வழியில்லை. அப்போது Ctrl+Z அழுத்திவிட்டு, Edit > Content-Aware Fill என்ற தனிக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். 2018 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து இது உள்ளது. இதில் துண்டுகள் எடுக்கப்படும் பகுதி பச்சை நிறத்தில் காட்டப்படும். பாட்டியின் மேலும் பிள்ளைகளின் மேலும் படிந்திருக்கும் பச்சையைத் தூரிகையால் தேய்த்து அழித்துவிட்டால், அதன்பின் மணலிலிருந்து மட்டுமே துண்டுகள் எடுக்கப்படும். Output To என்ற இடத்தில் New Layer கொடுத்தால் நிரப்பல் தனி லேயராக வந்து சேரும்.

## பொருள் ஒருவரைத் தொட்டிருந்தால்

பாட்டில் தனியாகக் கிடக்காமல் பேரனின் பாதத்தை ஒட்டிக் கிடந்தால் வேலை மாறிவிடும். பாதத்தின் பக்கம் 15 பிக்சல் இடைவெளி விட இடமே இல்லை. அங்கும் 3 என்ற ஃபெதரையே கொடுத்தால், கலப்புப் பட்டை பாதத்தின் மேல் ஏறி, விரல்களின் ஓரம் மணலோடு கரைந்துவிடும்.

இதை இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். முதலில் பாதத்திலிருந்து விலகியிருக்கும் பெரும்பகுதியை வழக்கமான இடைவெளியோடும் ஃபெதரோடும் நீக்க வேண்டும். பிறகு 200% அளவுக்குப் பெரிதாக்கி, பாதத்தை ஒட்டி எஞ்சிய சிறு துண்டை மட்டும் வளைக்க வேண்டும். இம்முறை பாதத்தின் பக்கம் கோடு அதன் ஓரத்தின் மேலேயே சரியாகச் செல்ல வேண்டும். ஃபெதர் 0 அல்லது 1 போதும். பாதத்துக்கும் மணலுக்கும் இடையே உண்மையிலேயே தெளிவான ஓரம் இருப்பதால், அங்கே கூர்மையான கோடு இயல்பாகவே தெரியும்.

பாட்டில் பாதத்தின் ஒரு பகுதியை மறைத்திருந்தால் இந்த முறை கைகொடுக்காது. மறைந்த விரல்கள் படத்தில் எங்கும் இல்லை. நிரப்பும் கட்டளை அங்கே மணலையோ உருக்குலைந்த தோலையோதான் வைக்கும். தரை ஓடு, செங்கல் சுவர், கோலம் போன்ற ஒழுங்கான வடிவங்களின் மேல் பொருள் கிடந்தாலும் கோடுகள் விலகிப்போவதை எதிர்பார்க்க வேண்டும்.

## சேமித்தல்

வேலை முடிந்ததும் File > Save As கொடுத்து வேறு பெயரில் PSD கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதில் லேயர்கள் தனித்தனியே இருப்பதால் பின்னர் திருத்தலாம். அச்சுக்கூடத்துக்கோ உறவினருக்கோ அனுப்ப அதிலிருந்து ஒரு JPEG பிரதி எடுத்துக்கொள்ளலாம். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பின் மேல் சேமித்துவிட்டால், கோப்பை மூடிய பிறகு Ctrl+Z உதவாது.

மூலத்தை வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிரப்பிய இடத்தில் தெரியும் மணல் அந்த இடத்தின் மணல் அல்ல. சுவரில் மாட்டும் குடும்பப் படத்தில் அதனால் கேடில்லை. விபத்து இடத்தின் படம், காப்பீட்டுக் கோரிக்கையோடு இணைக்கும் படம், செய்திப் படம் போன்றவற்றில் இதே மூன்று படிகள் சாட்சியத்தை மாற்றுவதாகிவிடும். அத்தகைய படங்களை மூல நிலையிலேயே கொடுக்க வேண்டும்.